நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு

கரிசல் காட்டு ஆடு கொட்டிலில் கட்டிப் போட்டு வளர்ந்த ஆடு இல்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரத்துக் கன்னி ஆடும் கொடி ஆடும் வேம்பூர்ச் செம்மறியும் அறுவடை முடிந்த காட்டிலும் தரிசிலும் நாளெல்லாம் நடந்து மேய்ந்து வளர்பவை. நடக்கிற கால் உழைக்கிற கால். உழைக்கிற தசையில் நாரைக் கட்டி வைத்திருக்கும் சவ்வும் கூடுதலாக இருக்கும். போதாததற்கு, நம் ஊரில் கறிக்கு ஓய்வு என்பதே கிடையாது. விடியலில் அறுத்த ஆட்டின் கறி காலை ஏழு மணிக்குக் கைப்பையில் ஏறி, பத்து மணிக்கு அடுப்பில் இருக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்குகிறது. அந்த விறைப்பு தளர்ந்து, தசைக்குள் இருக்கும் நொதிகள் நாரை மெல்ல இளக்குவதற்குக் குளிர் அறையில் நாட்கணக்கில் தொங்க வேண்டும். மேலை நாட்டுக் கறிக்கடைகளில் அப்படித் தொங்கவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆகவே, உழைத்த தசை, ஓய்வு பெறாத தசை என்ற இரண்டு பாதகங்களோடுதான் தொடைக்கறி நம் சட்டிக்குள் இறங்குகிறது. இவற்றை ஈடுகட்ட நெருப்பை மட்டும் நம்புகிறோம். வெந்த பிறகு கத்தியைப் பிடிக்கிற திசைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதுதான் என் வாதம்.

எலும்பில்லாத கறி பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் அது நீளமான நார்களின் கட்டு. ஒவ்வொரு நாரும் முடியளவு தடிமன்கூடப் பெரும்பாலும் இருக்காது. நீளமோ பல சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. பல நார்களைச் சேர்த்து இன்னொரு சவ்வு கற்றையாகக் கட்டுகிறது. நாம் கண்ணால் பார்த்து ‘நார்’ என்று சொல்வது இந்தக் கற்றையைத்தான். கட்டி வைத்த சோளத்தட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை அவிழ்த்தால் தட்டைகள் தாமாகப் பிரிந்துவிடும். ஆனால் மொத்தக் கட்டையும் நடுவில் முறிக்க யாராலும் ஆகாது, அதற்கு அரிவாள் வேண்டும். வெந்த கறியும் அப்படியே. நாரை நாரிடமிருந்து பிரிப்பதற்கு வேண்டிய விசை சொற்பம். நாரையே அறுப்பதற்கு வேண்டிய விசை அதைவிடப் பல மடங்கு. வேக வேக இந்த வித்தியாசம் கூடுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நார்களைக் கட்டியிருக்கும் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரச் சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது. நாருக்குள் இருக்கும் புரதமோ அதே சூட்டில் இறுகி, நீரை வெளியே தள்ளிவிடுகிறது. கட்டு தளர்கிறது, தட்டை விறைக்கிறது.

மெல்லுதல் என்ற வேலை இரண்டு பகுதி கொண்டது: நாரை அறுப்பது, நாரைப் பிரிப்பது. பிரிப்பது பல்லுக்குச் சுலபம், அறுப்பதுதான் பாடு. குறுக்கு வெட்டு அந்தப் பாட்டை முன்கூட்டியே கத்தியிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெந்த தொடைக்கறித் துண்டு ஒன்று 12 சென்டிமீட்டர் நீளம், நார் முழுவதும் நீளவாக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நாரின் போக்கிலேயே 5 மில்லிமீட்டர் தடிமன் வில்லைகளாக வெட்டினால், ஒவ்வொரு வில்லையிலும் 12 சென்டிமீட்டர் நார் முழுசாக இருக்கும். வாயில் வைத்துக் கடிக்கும் ஒவ்வொரு கடியிலும் அத்தனை நாரையும் பல் அறுத்தாக வேண்டும். அதே துண்டைக் குறுக்கே அதே தடிமனில் வெட்டினால் 24 வில்லைகள் வரும். எந்த வில்லையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான நார் கிடையாது. பல் அழுத்தியதும் அந்தக் குட்டை நார்கள் பக்கவாட்டில் விலகிப் பிரிந்துவிடும், அறுக்கும் அவசியம் அநேகமாக இல்லை. இதற்காகக் கோணமானி வைத்து அளக்க வேண்டியதில்லை. சரியாகச் செங்குத்தாக வெட்டாமல் 45 பாகை சாய்ந்து போனாலும் நார் நீளம் 7 மில்லிமீட்டர்தான் ஆகிறது. நாருக்கும் வெட்டுக்கும் இடையிலான கோணம் 30 பாகைக்குச் சரிந்தால்தான் 10 மில்லிமீட்டர். அதற்கும் கீழே, நாரோடு கிட்டத்தட்ட இணையாகப் போகும்போதுதான் நீளம் கிடுகிடுவென்று ஏறும். செங்குத்தை விடாப்பிடியாகத் தேடுவதைவிட வில்லையை மெல்லிதாக வெட்டுவது பலன் தரும்.

இதெல்லாம் வெறும் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். கறியின் மென்மையை அளக்க உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் பயன்படும் கருவி ஒன்று இருக்கிறது. வார்னர், பிராட்ஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கர்களின் பெயரைத் தாங்கிய அது, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது. வெந்த கறியிலிருந்து அரை அங்குல விட்டமுள்ள உருளை ஒன்றைக் குடைந்து எடுப்பார்கள். அதை முக்கோண வாய் உள்ள தகட்டில் வைத்து, தகடு கறியைத் துண்டிக்க எவ்வளவு விசை ஆனது என்று பார்ப்பார்கள். இதில் முக்கியமான நிபந்தனை: உருளையை நாரின் போக்கிலேயே குடைய வேண்டும், தகடு நாருக்குக் குறுக்கே இறங்க வேண்டும். திசை மாறினால் அதே கறி வேறு எண்ணைக் காட்டும், ஒரு கறியை இன்னொரு கறியோடு ஒப்பிட முடியாமல் போகும். அளப்பவர்களே திசையை இவ்வளவு கறாராகக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது என்றால் திசையின் வலு என்ன என்று புரிந்துகொள்ளலாம். அங்கே தகடு பட்ட பாட்டைத்தான் இங்கே நம் கடைவாய்ப்பல் படுகிறது.

அடுத்த மறுப்பு குக்கரிலிருந்து வரும். ஆறு விசில் விட்டால் எந்தக் கறியும் பஞ்சாகிவிடுமே, கத்தியைப் பற்றி என்ன பேச்சு? குக்கர் கரைப்பது சவ்வை. நாரை அது கரைப்பதில்லை, மேலும் உலர்த்துகிறது. அதனால்தான் அளவுக்கு மீறி வெந்த தொடைக்கறி கையில் எடுத்தால் உதிரியாகப் பிரிந்தும், வாயில் சக்கையாக நின்று பல் இடுக்கில் மாட்டுகிறது. பிச்சுப்போட்ட கோழியில் நார் நீளமாக இருந்தும் மெல்ல முடிகிறதே என்றால், அங்கே பிரிக்கும் வேலை முழுவதையும் கை செய்துவிட்டது. ஒற்றை ஒற்றையாக, மசாலாவும் எண்ணெயும் ஏறிய மெல்லிய நார் மடங்கிக் கொடுக்கும். கட்டாக இருக்கும் நார் மடங்காது. கோழி நெஞ்சுக்குச் சரிப்படும் இந்த வித்தை கிடாவின் தொடைக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை.

இன்னொரு மறுப்பை நான் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். நாம் கறியை வெந்த பிறகா வெட்டுகிறோம்? கடைக்காரர் பச்சைக்கறியாகவே கட்டையில் வைத்துத் துண்டு போட்டுத்தானே கொடுக்கிறார்? உண்மைதான். அந்தத் துண்டு நான்கு பக்கமும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டியாக இருந்தால், எந்தத் திசையில் வெட்டியிருந்தாலும் நாரின் நீளம் கட்டியின் பக்க அளவுதான். ஓர் அங்குலக் கட்டியில் ஓர் அங்குல நார். ஆகவே குழம்புக் கறிக்கு இந்த விதி சொற்பமாகவே உதவும். அங்கே நெருப்புதான் பொறுப்பேற்க வேண்டும். எலும்போடு வெட்டும்போது கடைக்காரரின் கத்தி எலும்புக்குக் குறுக்கே விழுவதால், காலின் போக்கில் ஓடும் நாரில் பெரும்பகுதி தானாகவே குட்டையாகிவிடுகிறது. விதி பலிக்கும் இடம் வேறு: ஒரு பக்கம் மெல்லிதாகவும் மறுபக்கம் நீளமாகவும் வெட்டும் வில்லைகள். தொடையை முழுசாக வேகவைத்தோ சுட்டோ அறுத்துப் பரிமாறுவது, சுக்காவுக்கு நீளத் துண்டு போடுவது, அப்புறம் உப்புக்கண்டம்.

உப்புக்கண்டம் இந்த வாதத்துக்கே எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். அதற்குக் கறியைப் பெரும்பாலும் நாரின் போக்கிலேயே நீள வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, சணல் கயிற்றில் கோத்து, கரிசல் வெயிலில் காயவிடுகிறார்கள். குறுக்கே அறுத்தால் மெல்லச் சுலபமாக இருக்கும் என்று தெரிந்தும் ஏன் இப்படி? காரணம் கயிறு. குறுக்கே அறுத்த வில்லையில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது மெலிந்த சவ்வால் மட்டுமே. ஊசி நுழைந்த இடத்தில் தன் பாரத்திலேயே கிழியும், காய்ந்ததும் பொரிந்து உதிரும். நீளவாக்கில் அறுத்த வாரைத் தாங்குவது நார். ஆக, நார் வலுவாக இருப்பது தொங்கும்போது நன்மை, தின்னும்போது தொல்லை. இந்தத் தொல்லைக்கும் வழி இருக்கிறது: காய்ந்த கண்டத்தை வறுத்தோ சுட்டோ எடுத்த பின் கல்லில் தட்டி நாரைச் சிதைத்துத் தின்பது. தென்னாப்பிரிக்கர்கள் பில்டாங் என்ற உலர்கறிக்கும் நாரின் போக்கில் வார் அறுத்து, தின்னும்போது குறுக்கே மெல்லிதாகச் சீவிக்கொள்கிறார்கள். உப்புக்கண்டத்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இளக்கியபின் அப்படிச் சீவலாம், தட்டும் வேலை மிச்சம்.

வீட்டில் செய்ய வேண்டியதில் கொஞ்சம் நுணுக்கம் தொடையில்தான். தொடை ஒரே தசை இல்லை. பல தசைகள் வெள்ளைச் சவ்வால் ஒட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றின் நாரும் ஒரு போக்கில் ஓடுகிறது. மொத்தத் தொடையையும் ஒரே திசையில் அறுத்தால் பாதி வில்லை சரியாகவும் பாதி தவறாகவும் அமையும். சவ்வுக் கோட்டில் விரலை விட்டுப் பிரித்து, ஒவ்வொரு தசையையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாரின் போக்கு பச்சைக்கறியில் தெளிவாகத் தெரியும், வெந்தபின் மசாலா மூடிவிடும். ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தால் பிரிகிற கோடுதான் போக்கு. முதல் வில்லையின் வெட்டு முகத்தில் நீளக்கோடுகள் தெரிந்தால் போக்கிலேயே வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்; புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் குறுக்கே. அடுப்பிலிருந்து இறக்கியதும் வெட்டாமல் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். கொதிக்கும் சூட்டில் ஜெலட்டின் நீராக இருக்கும், வில்லை உதிர்ந்துவிடும். மழுங்கிய கத்தி நாரை அறுக்காமல் கிழிக்கும். ஏற்கெனவே குழைய வெந்துவிட்ட கறியை மெல்லிதாகக் குறுக்கே சீவ முயல்வதும் வீண், தூளாகிவிடும். அதை ஒரு விரற்கடை தடிமனுக்குக் குறையாமல் அறுப்பதே நல்லது. எலும்பருகில் பளபளவென்று ஓடும் நரம்பை எந்தத் திசையில் வெட்டியும் பயனில்லை, எடுத்துப் போட்டுவிடலாம். கிழட்டு ஆட்டின் சவ்வும் எளிதில் கரையாது. குறுக்கு வெட்டால் நாரைத்தான் குட்டையாக்க முடியும், சவ்வின் வயதைக் குறைக்க முடியாது.

அடுத்த முறை எலும்பில்லாத தொடைக்கறி வாங்கும்போது கடைக்காரரைத் துண்டு போட விடாமல், தசை தசையாகப் பிரித்து முழுசாகத் தரச் சொல்லுங்கள். வேகவைத்து, ஆறவிட்டு, குறுக்கே நீங்களே அறுங்கள். ஒரு துண்டை மட்டும் போக்கிலேயே அறுத்து, இரண்டையும் மென்று பாருங்கள்.