இரண்டு நிறுவனம், இரண்டு தரம்

ஒரே சரக்கை ஒரே தரத்தில் விற்கும் இரண்டு நிறுவனங்களால் விலையை நிலையாக வைத்திருக்க முடியாது. ஒன்றின் விலை 50 ரூபாய் என்றால் மற்றது 49 ரூபாய் ஆக்கினாலே எல்லா வாடிக்கையாளர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். உடனே முதல் நிறுவனம் 48க்கு இறங்கும். அடக்க விலையைத் தொடும்வரை இந்த இறக்கம் நிற்காது, அங்கே இருவருக்கும் லாபமும் இராது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் பெர்ட்ராண்ட் 1883இல் முன்வைத்த தர்க்கம் இது. போட்டிக்கு நூறு நிறுவனங்கள் வேண்டியதில்லை, இரண்டே போதும் என்பது இதன் முடிவு.

ஆனால் கடைத்தெருவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் நல்ல லாபத்தோடு பல்லாண்டு நிலைத்திருப்பதையும் காண்கிறோம். இதற்கு ஒரு தெளிவான விளக்கத்தை அவ்னர் ஷாகெட், ஜான் சட்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 1982இல் வெளியிட்டார்கள். நிறுவனங்கள் விலையை முடிவு செய்வதற்கு முன்பே தரத்தை முடிவு செய்துவிடுகின்றன. தரம் என்பது ஆலை, இயந்திரம், செய்முறை ஆகியவற்றில் ஊறிய விஷயம், நினைத்த நாளில் மாற்ற முடியாது. விலையையோ ஒரே இரவில் மாற்றிவிடலாம். ஆகவே தரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்தத் தரத்தோடு களத்தில் இறங்கினால் பிறகு எப்படிப்பட்ட விலைச்சண்டை வரும் என்பதையும் நிறுவனம் கணக்கில் கொள்கிறது. எதிராளியின் தரத்துக்கு மிக அருகே போய் நின்றால் சண்டை கடுமையாகும். தள்ளி நின்றால் தணியும்.

இங்கே பேசப்படும் தரம் ருசி வேறுபாடு அல்ல. நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்பதில் ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. விலை சமமாக இருந்தால் எல்லோரும் ஒரே பொருளைத்தான் எடுப்பார்கள். அந்த உயர்வுக்காக எவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்க மனம் வரும் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் வருமானமே காரணம்.

ஒரு சிறு கணக்கு இதை விளங்க வைக்கும். ஓர் ஊரில் 2,400 வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். தரத்தை 7 படிகளாக அளக்கலாம், அதற்கு மேல் செய்யத் தொழில்நுட்பம் இல்லை. ஒரு படித் தரத்துக்கு ஒரு வீடு தர விரும்பும் தொகை 0 முதல் 100 ரூபாய் வரை சீராகப் பரவியிருக்கிறது. படிக்கு 60 ரூபாய் மதிக்கும் வீட்டுக்கு 7 படிச் சரக்கு 420 ரூபாய் பெறும், 4 படிச் சரக்கு 240 ரூபாய் பெறும். தயாரிப்புச் செலவு எந்தத் தரத்துக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்படி வைப்பதில் ஒரு பயன் உண்டு. தரத்தைக் குறைக்கும் நிறுவனம் செலவை மிச்சம் பிடிக்கத்தான் குறைக்கிறது என்று அப்போது யாரும் சொல்ல முடியாது.

முதல் நிறுவனம் 7 படியில் நிற்கிறது. இரண்டாவது நிறுவனமும் செலவில்லாமல் 7 படிக்கு ஏறலாம். ஏறினால் பெர்ட்ராண்ட் சொன்ன கதிதான்: விலை பூஜ்யத்துக்கு இறங்கும், லாபமும் பூஜ்யம். 6 படியில் நின்றால் அதன் விலை சுமார் 27 ரூபாயில் நிலைகொள்ளும், லாபம் ஏறத்தாழ 20,800 ரூபாய். இன்னும் கீழே 4 படிக்கு இறங்கினால் விலை 50 ரூபாய், லாபம் 35,000. தரம் குறைந்திருக்கிறது, விலையோ ஏறியிருக்கிறது! எதிராளியிடமிருந்து விலகியதால் கிடைத்த பரிசு இது. இதற்கு மேலும் இறங்கி 2 படிக்குப் போனால், சரக்கு மட்டமாகிவிட்டதால் லாபம் 25,000க்கும் கீழே விழும். ஆக, எதிராளிக்கு அருகே போனாலும் நஷ்டம், அளவுக்கு மீறி விலகினாலும் நஷ்டம். இந்தக் கணக்கில் உச்சம் 4 படியில் இருக்கிறது.

அந்த நிலையில் சந்தை எப்படிப் பிரிகிறது? உயர்ந்த சரக்கின் விலை 175 ரூபாய், மலிவுச் சரக்கின் விலை 50 ரூபாய். படிக்கு 60 ரூபாய் மதிக்கும் வீட்டுக்கு உயர்ந்த சரக்கில் 245 ரூபாய் மிச்சம், மலிவில் 190 மிச்சம். அது உயர்ந்ததை வாங்கும். 30 ரூபாய் மதிக்கும் வீட்டுக்கு உயர்ந்ததில் 35தான் மிச்சம், மலிவில் 70. அது மலிவுக்குப் போகும். இப்படிப் பிரித்தால் 1,400 வீடுகள் உயர்ந்ததையும் 700 வீடுகள் மலிவையும் வாங்கும். 300 வீடுகள் இரண்டையும் வாங்காது.

இந்த விலைகளை அசைத்துப் பார்க்கலாம். மலிவு நிறுவனம் விலையை 40 ஆக்கினால் வாங்கும் வீடுகள் 840 ஆகக் கூடும், ஆனால் வசூல் 33,600 ஆகிவிடும். 60 ஆக்கினால் வீடுகள் 560 ஆகக் குறையும், வசூல் மறுபடி அதே 33,600. உயர்ந்த நிறுவனமும் அப்படியே: 175இல் அதன் வசூல் 2,45,000, பத்து ரூபாய் கூட்டினாலும் குறைத்தாலும் 2,44,200. இருவருக்குமே நகர ஆசை வராது. விலையைக் குறைத்தால் எதிராளியின் வாடிக்கையாளர்கள் மொத்தமாக வருவதில்லை, எல்லையில் நிற்கும் சில வீடுகள் மட்டுமே வருகின்றன. ஏற்கெனவே வாங்கும் அத்தனை பேரிடமும் வரவு குறைகிறது. தர இடைவெளி விலைச்சண்டையைத் தணிப்பது இந்த வழியில்தான்.

லாபம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உயர்ந்த நிறுவனத்தின் லாபம் மற்றதைப்போல ஏழு மடங்கு. மேலிடத்தில் நிற்கவே இருவரும் விரும்புவார்கள். யார் அங்கே நிற்பது என்பதை இந்தத் தர்க்கம் சொல்லாது. அநேகமாக முதலில் வந்து ஆலையும் பெயரும் நிறுவியவர் அந்த இடத்தைப் பிடிக்கிறார். பின்னால் வருபவருக்கு, பிடித்துவிட்ட இடத்தில் மோதுவதைவிடக் கீழே இடம் பார்ப்பதே லாபம்.

இந்தியச் சலவைத்தூள் சந்தையில் இது கிட்டத்தட்ட இப்படியே நடந்தது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ‘சர்ஃப்’ 1959 முதல் நகரத்து நடுத்தர வீடுகளில் கோலோச்சியது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் ‘நிர்மா’வைத் தொடங்கினார். வீட்டிலேயே தூளைக் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அதில் வாசனை இல்லை, துணியைப் பளிச்சிட வைக்கும் வெண்மையூட்டி இல்லை. விலையோ சர்ஃப் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதை வாங்கியவர்களில் பெரும்பகுதி சர்ஃப் பக்கமே போயிராத வீடுகள், அதுவரை கட்டிச் சோப்பில் துவைத்தவர்கள். 1980களில் விற்பனை அளவில் நிர்மா சர்ஃபை முந்தியது. அப்போதும் லீவர் நிறுவனம் சர்ஃப் விலையை நிர்மா அளவுக்கு இறக்கவில்லை. ‘லலிதாஜி’ என்ற சிக்கனக்கார இல்லத்தரசியைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் நிறுத்தி, கொடுக்கும் காசுக்கு ஏற்ற தரம் இதில் உண்டு என்று வாதாட வைத்தது. இடைவெளியைக் காப்பாற்றுவதே அந்த விளம்பரத்தின் வேலை. கீழ்த்தளத்தில் மோத, 1980களின் பிற்பகுதியில் ‘வீல்’ என்ற வேறொரு பெயரில் தனிச் சரக்கை இறக்கியது. சர்ஃப் பெயரையே மலிவாக்கியிருந்தால் மேல்தளத்து லாபமும் கரைந்திருக்கும்.

இடைவெளி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் அதே சந்தை காட்டியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ‘ஏரியல்’ தூளோடு மேல்தளத்திலேயே நுழைந்தது. ‘சர்ஃப் எக்ஸெல்’ வந்தபின் இரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தில், ஒரே வீடுகளுக்காக நின்றன. 2004 மார்ச்சில் ஏரியல், டைட் தூள்களின் விலையை அந்நிறுவனம் பெருமளவு குறைத்தது. லீவர் நிறுவனமும் உடனே சர்ஃப் எக்ஸெல் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அதன் லாபம் சரிந்தது.

மூன்றாவது, நான்காவது நிறுவனங்கள் ஏன் இடையில் புகுவதில்லை என்ற கேள்விக்கும் ஷாகெட்டும் சட்டனும் பதில் தந்தார்கள். வாங்குவோரின் வருமான இடைவெளி குறுகலாக இருந்தால், அதாவது மிக அதிக வருமானம் மிகக் குறைந்த வருமானத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் நான்கு மடங்குக்குள்ளும் இருந்தால், அவர்கள் அமைத்த சந்தையில் இரண்டு நிறுவனங்களுக்கே இடமுண்டு. மேலே உள்ள இருவரின் போட்டியில் விலை ஏற்கெனவே இறங்கியிருக்கும். மூன்றாவது நிறுவனம் சரக்கை இலவசமாகக் கொடுத்தாலும், ஏழை வீடுகூடச் சற்றுப் பணம் கொடுத்து அதைவிட நல்ல சரக்கையே வாங்கும். தரத்தை உயர்த்தும்போது ஒவ்வொரு பொருளின் அடக்க விலையும் வேகமாக ஏறும் தொழில்களுக்கு இது பொருந்தாது. அங்கே மலிவு நிறுவனங்கள் பல பிழைத்துக்கொள்ளும். தரத்துக்கான செலவு ஆராய்ச்சியிலும் விளம்பரத்திலும் ஒரேயடியாக விழும் தொழில்களில்தான் எண்ணிக்கை இப்படிச் சுருங்குகிறது.

அரசு குறைந்தபட்சத் தரம் விதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மேலே போட்ட கணக்கே உதவும். 5 படிக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. 4இல் நின்ற நிறுவனம் 5க்கு ஏற வேண்டும், இடைவெளி குறுகும், விலைச்சண்டை கூடும். மலிவுச் சரக்கின் விலை 50இலிருந்து சுமார் 43 ரூபாய் 50 காசுக்கு இறங்கும், தரம் ஏறிய பிறகும்! உயர்ந்த சரக்கின் விலை 175இலிருந்து சுமார் 122 ஆகும். வாங்காமல் இருந்த 300 வீடுகள் ஏறத்தாழ 209 ஆகக் குறையும். நுகர்வோருக்கு இது முழு ஆதாயம், இழப்பு இரு நிறுவனங்களுக்கும். ஆனால் மலிவு நிறுவனத்தின் லாபம் இப்போது 31,800 ரூபாயைக்கூடத் தொடாது. அந்தத் தொழிலில் நிலைக்க 33,000 ரூபாய் நிலைச்செலவு உண்டென்றால் அது கடையைக் கட்டிவிடும். மிஞ்சும் ஒரே நிறுவனம் 350 ரூபாய் விலை வைக்கும், ஊரில் பாதியான 1,200 வீடுகள் வாங்க முடியாமல் போகும். குறைந்தபட்சத் தரத்தை விதிப்பவர்கள் மலிவு நிறுவனத்தின் நிலைச்செலவைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியாது.