ஏழாம் மாதத்தில் ஏறி இறங்க ஒரு கார்

கர்ப்பிணிக்காகக் கார் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். தரையிலிருந்து சீட்டின் மேல்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சீட் 50 சென்டிமீட்டரில் இருந்தால் அவர் காருக்குள் இறங்கித்தான் உட்கார வேண்டும். திரும்ப எழும்போது உடம்பை முன்னே சாய்க்கவேண்டும். அதற்கு வயிறு இடம் கொடுக்காது. 75 சென்டிமீட்டர் என்றால் ஒற்றைக்காலில் நின்று ஏற வேண்டியிருக்கும். 60 முதல் 65 வரை இருந்தால் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். கதவு அகலமாகத் திறக்கிறதா, தலை மேல்விளிம்பில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது பெல்ட். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கருப்பை நெகிழும் தசை. நஞ்சுக்கொடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. விபத்தில் பெல்ட் வயிற்றை அழுத்தினால் கருப்பையின் உருவம் மாறும், நஞ்சுக்கொடி அதிலிருந்து பிரிந்துவிடக்கூடும். தாய்க்குப் பெரிய காயம் இல்லாதபோதும் இது நேரலாம். அதனால் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

பட்டை அப்படிப் படிவதும் படியாததும் பெரும்பாலும் காரின் கையில் இருக்கிறது. பக்கிள் சீட்டுக்கு அருகில் தாழ்வாக இருந்தால் பட்டை கீழேயே நிற்கும். நீண்ட தண்டில் உயர்ந்து நின்றால் வயிற்றின் மேல் ஏறிவிடும். ஷோரூமில் பெல்ட்டைப் போட்டு, கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்து பாருங்கள்; அப்போதும் பட்டை இடம் மாறக்கூடாது. தோளருகே பெல்ட்டின் உயரத்தை மாற்றும் வசதி பல கார்களில் முன்சீட்டுக்கு மட்டும்தான் உண்டு. அங்கே உட்கார்வதானால் ஏர்பேகுக்கும் உடலுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வரும்படி சீட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

குலுங்காமல் போக வேண்டும் என்பவர்கள் டாப் மாடலுக்கு ஆசைப்படுவதற்கு முன் டயரில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். 185/65 R15 என்றால் ரிம்முக்கு மேல் ரப்பரின் உயரம் சுமார் 120 மில்லிமீட்டர். அதே காரின் விலை கூடிய மாடலில் 195/55 R16 இருந்தால் 107தான். குழியின் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். ஆனால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால், ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஆடும், குமட்டலும் வரும். ஒருமுறை எழுந்து உடனே அடங்குகிற கார்தான் நல்லது.

பின்சீட் பின்சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் அங்கே குலுக்கல் கூடுதல். ஓட்டிப் பார்க்கும்போது வாங்குகிறவர் பின்னால் உட்கார்ந்து வரட்டும். கிளம்புமுன் டயரில் காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாக அடைத்திருந்தால் நல்ல காரும் முரட்டுத்தனமாகத்தான் ஓடும்.