கால் மில்லிமீட்டர் கணக்கு

பத்து வருடம் ஓடிய ஒரு ஸ்பிளெண்டர். முறுக்கினால் சைலன்சரிலிருந்து நீலப் புகை வருகிறது, மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் மாதாமாதம் கோடு இறங்குகிறது. வண்டிக்காரர் மூன்று பட்டறைகளில் விசாரிக்கிறார். முதல் இடத்தில், “ரிங் மட்டும் மாத்தி ஒரு ஹோனிங் போட்டுடலாம் சார்” என்கிறார்கள். இரண்டாமவர், “போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏத்தணும்ணே, வேற வழியில்ல” என்கிறார். மூன்றாமவருக்கு அந்த அலைச்சலே வேண்டாம்: “புது பிளாக் கிட்டே போட்டுருங்க.” மூன்று பேர் சொல்லும் தொகையும் மூன்று விதம். வண்டிக்காரர் தொகையை மட்டும் பார்த்துக் குறைவானதைப் பிடித்துக்கொள்கிறார்.

மூன்றுமே நேர்மையான யோசனைகளாக இருக்கலாம். எது சரி என்பதை அந்த பிளாக்கின் உள்சுவர் எந்த வடிவத்தில் தேய்ந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அளந்து பார்க்காமல் தொகை சொன்னவர் யாராயிருந்தாலும், அது உத்தேசம்தான்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. புகைக்குக் காரணம் ரிங் பக்கமா, வால்வு பக்கமா என்று இன்ஜினைப் பிரிக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை மாட்டி உதைத்து, காட்டும் அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி உதைப்பார்கள். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால், கசிவு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துக்கொடுக்கிறது, அதனால்தான் ஏறுகிறது. ஏறவில்லை என்றால் முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கணத்தில் மட்டும் குப்பென்று புகைந்து பிறகு நின்றுவிடும் வண்டிக்குப் பெரும்பாலும் வால்வு சீல்தான் வியாதி. அதற்குப் போரிங் போடுவது வீண் செலவு.

சரி, நம் ஸ்பிளெண்டரில் கசிவு ரிங் பக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டைத் தூக்கி பிளாக்கைக் கழற்றியாயிற்று. வெளியே அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு உறை. இந்த உறைக்குள்தான் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. புதிதில் உள்விட்டம் 50 மில்லிமீட்டர்.

இந்தச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. எரிவாயுவின் அழுத்தமும் சூடும் அங்கேதான் அதிகம், ஆயில் ஏறுவதோ அங்கேதான் குறைவு. அதனால் அந்த இடத்தில் தேய்மானம் கூடுகிறது. அதற்கும் மேலே ரிங் எட்டாத ஒரு சிறு விளிம்பு தேயாமல் நிற்கும். சுவரில் விரல் நகத்தை வைத்து மெதுவாக மேலே இழுத்தால் அந்த விளிம்பில் நகம் தட்டும். நன்றாகத் தட்டினால் வெறும் ரிங் வேலை போதாது என்பதற்கு அது முதல் அறிகுறி. இன்னொன்றும் உண்டு: கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் சுவரின் ஒரு பக்கத்தில் அழுந்தி ஓடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாகத் தேய, வட்டம் முட்டை வடிவத்துக்குப் போகிறது.

இதை போர் கேஜால் அளப்பார்கள். மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு எண்கள். நம் உதாரண பிளாக்கில் கீழே 50.01, மேலே ஒரு திசையில் 50.07, பிஸ்டன் அழுந்தும் திசையில் 50.13 என்று வருகிறது. கேட்பவருக்கு இது தலைமுடி அளவுகூட இல்லையே என்று தோன்றும். ரிங்கின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

ரிங் ஒரு முழு வளையம் அல்ல, அதில் ஒரு வாய் இருக்கிறது. இந்த அளவு சிலிண்டரில் அந்த வாய் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் திறந்திருக்கலாம். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வாய் திறக்கும், ஏனென்றால் கூடுவது சுற்றளவு. மேலே சராசரி விட்டம் கீழே இருப்பதைவிட 0.09 அதிகம். ஆகவே கீழே 0.2 இருந்த வாய் மேலே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். போதாக்குறைக்கு, புது ரிங் சரியான வட்டம், சுவரோ முட்டை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் விரிந்து, இறங்கும்போது சுருங்கி, எங்கும் முழுதாக ஒட்டாமல் அந்த ரிங் ஓடும். முதல் பட்டறைக்காரர் சொன்ன வேலையைச் செய்தால் சில மாதம் புகை குறைந்தது போலிருக்கும். பிறகு பழைய கதைதான். நகம் தட்டாத, அளவில் தேய்மானம் சொற்பமாக உள்ள பிளாக்குக்கு மட்டுமே ரிங் மாற்றுவது பொருத்தம். ஓடாமல் பல மாதம் நின்று, அதனால் ரிங் இறுகிப்போன வண்டிகளில் இப்படி அமைவதுண்டு.

ஆக, போரிங். தேய்ந்த சுவரை இயந்திரத்தில் சீவி, மறுபடி நேரான வட்டமாக்கி, அந்தப் புது அளவுக்குப் பெரிய பிஸ்டனைப் போடுவது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படிகளில் வரும். பெரும்பாலும் பிஸ்டனின் தலையிலேயே அந்த எண் பொறித்திருக்கும்.

இங்கே வண்டிக்காரர்கள் அடிக்கடி சந்தேகப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. தேய்மானம் 0.12தானே, 0.25 பிஸ்டனே போதுமே, ஏன் 0.50 போடச் சொல்கிறார்? ஏமாற்றுகிறாரோ? காரணம் இருக்கலாம். 0.25 என்பது விட்டத்தில் கூடுவது. ஒரு பக்கச் சுவரில் கழிவது அதில் பாதி, 0.125 மட்டுமே. நம் பிளாக்கின் 0.12 தேய்மானம் ஏறக்குறைய முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தால், நடுப்புள்ளி மாறாமல் சீவும் கருவி அந்தப் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் போகும். வெட்டுப்படாத பழைய திட்டு மங்கலாக, கண்ணாடிப் பளபளப்போடு சுவரில் அப்படியே நிற்கும். கீறலும் இருந்தால் அதுவும் மிஞ்சும். எனவே 0.50. போரிங் முடிந்து வந்த பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்ப்பது வண்டிக்காரரின் உரிமை. சுவர் முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும், திட்டு ஒன்றுகூடத் தெரியக்கூடாது.

பெரிய பிஸ்டன் என்றதும் வண்டி பறக்கும் என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. 97.2 சிசி இன்ஜின் 0.50 போட்டால் 99.1 சிசி ஆகிறது. ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. போரிங்கால் திரும்பக் கிடைப்பது தேய்ந்து தொலைந்த பழைய இழுவை.

வேலையின் வரிசை மிக முக்கியம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். 0.50 என்று எழுதியிருந்தாலும் கையிலிருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் சிலிண்டரை முடிப்பார்கள். பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, அடிப்பாவாடைப் பகுதியில் அளந்து 50.475 வந்தது, தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளி 0.03 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் 50.505இல் முடிய வேண்டும். போரிங் கருவி 50.45 அருகில் நின்றுவிடும். மீதியை ஹோனிங் கல் எடுக்கும். இடைவெளி குறைந்தால் சூட்டில் விரிந்த பிஸ்டன் சுவரைப் பிடித்து இன்ஜின் ஓட்டத்திலேயே இறுகி நிற்கும். கூடினால் காலையில் குளிர்ந்த இன்ஜின் டக்டக்கென்று தட்டும். “பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல போரிங் போட்டு வச்சிடுறோம்” என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடக்கூடாது.

விலைப்பட்டியலில் அதிகம் ஏமாற்றுகிற வரி ஹோனிங். இரண்டு வேறு வேலைகளுக்கு இந்த ஒரே பெயர்தான் புழங்குகிறது. ஒன்று, ஸ்பிரிங்கில் விரியும் மூன்று கல்லை டிரில்லில் மாட்டி ஒரு நிமிடம் சுற்றுவது. அந்தக் கல் சுவர் எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில் நெளிந்து போகும். பளபளப்பைக் கலைக்கும், அவ்வளவே. முட்டையை வட்டமாக்காது. மற்றொன்று, போரிங்குக்குப் பிறகு அளவுக்குக் கொண்டுவரும் ஹோனிங். கற்கள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவை சுழன்றபடி மேலும் கீழும் போய்வர, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னல்போல மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில்தான் ஆயில் தங்குகிறது. மேடுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து ரிங்கோடு படிந்துகொள்ளும். போரிங் கருவி விட்ட தடத்தோடு ஹோனிங் இல்லாமல் பிஸ்டனை ஏற்றினால், அந்தக் கரடு ரிங்கை அரம்போல் தின்னும். மாறாக, சுவர் வழவழவென்று இருந்தாலும் ரிங் படியாது, புகை நிற்காது.

ஹோனிங் முடிந்த சுவரில் கல்தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விட்டுத் துடைத்தால் ஆயில் பிசுக்கு போகும், தூள் பள்ளத்திலேயே நிற்கும். சுடுநீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்ப வேண்டும். உடனே ஆயில் பூசாவிட்டால் வார்ப்பிரும்பு சிறிது நேரத்தில் துருப் பிடிக்கும். இந்தப் பத்து நிமிட வேலையை எந்தப் பட்டியலிலும் தனி வரியாக எழுதுவதில்லை. ஆனால் புது வேலை சீக்கிரம் கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது யோசனையான பிளாக் கிட்டையும் தள்ளிவிட முடியாது. ஸ்பிளெண்டர் போல எங்கும் ஓடும் வண்டிக்குத் தரமான கிட் எளிதாகக் கிடைக்கும். ஓவர்சைஸ் பிஸ்டன், லேத் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சிறிதாக இருக்கலாம், அப்போது புது பிளாக்கே லாபம். ஏற்கனவே 1.00 வரை போரிங் ஏறிய பிளாக்குக்கும் அதுவே வழி. சில வண்டிகளில் போரிங் என்ற பேச்சே கூடாது. யமஹா ஆர்15 இன்ஜினில் இரும்பு உறை கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவரிலேயே பிஸ்டன் ஓடுகிறது. கேடிஎம் டியூக் 390இல் சுவர்மேல் கடினமான மெல்லிய பூச்சு. வழக்கமான போரிங் கருவியை அங்கே விட்டால் அந்தப் பூச்சே போய்விடும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் நிலைமை நேர் எதிர். அந்த பிளாக் போரிங்குக்கென்றே பிறந்தது மாதிரி. மூல பிளாக்கைக் காப்பாற்றி வைக்கத்தான் அந்த வண்டிக்காரர்கள் விரும்புவார்கள்.

பட்டியல்களை ஒப்பிடும்போது தொகைக்கு முன்னால் தேட வேண்டியவை: பிளாக் அளந்த எண்கள், பிஸ்டனின் அளவும் தயாரிப்பாளரும், போரிங்கும் ஹோனிங்கும் தனித்தனியாகவா சேர்ந்தா, ரிங் வாயை ஃபீலர் கேஜால் பார்ப்பார்களா, கேஸ்கெட்டும் ஏர் ஃபில்டரும் சேர்ந்ததா என்பவை. ஏர் ஃபில்டர் சில்லறைச் செலவுதான். ஆனால் கிழிந்த ஃபில்டர் வழியே போன தூசியால் பிளாக் தேய்ந்திருந்தால், அதே ஃபில்டரோடு புது பிஸ்டனும் அதே பாதையில்தான் போகும். கழற்றிய பிஸ்டனையும் ரிங்கையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

வண்டி கைக்கு வந்ததும், பூட்டும்போது தடவிய ஆயில் எரிகிறவரை கொஞ்சம் புகை வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். முதல் 500 கிலோமீட்டர் முழு முறுக்கு வேண்டாம். அதற்காக ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டும், நின்ற இடத்தில் உறுமவிட்டுக்கொண்டும் இருந்தால் ரிங் படியாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டி, 500இல் ஆயிலை மாற்ற வேண்டும். வடித்த ஆயிலில் பொடிப்பொடியாக மினுக்கம் தெரிவது படிகிற காலத்து வழக்கம். 1,000 தாண்டியும் நீலப் புகை நிற்கவில்லை, ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் பில்லோடு அதே பட்டறைக்குப் போகலாம். பில்லில் 0.50 என்ற எண்ணும் சிலிண்டர் முடித்த அளவும் எழுதியிருந்தால், மறுபடி போர் கேஜை விட்டு எது தவறியது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.