உப்பு கரைந்துபோன களிமண்

1978 ஏப்ரல் 29. நார்வேயின் நடுப்பகுதியில் உள்ள ரிஸ்ஸா என்ற ஊரில், போட்ன் ஏரிக்கரையை ஒட்டி ஒரு பண்ணை. தொழுவத்தை விரிவாக்க அங்கே அடித்தளம் தோண்டினார்கள். வெட்டியெடுத்த மண் சுமார் 700 கன மீட்டர். அதைக் கொண்டுபோய் ஏரி ஓரத்தில் கொட்டினார்கள். கரையில் 70 முதல் 90 மீட்டர் நீளத்துக்கு நிலம் தண்ணீருக்குள் இறங்கியது.

அத்தோடு நிற்கவில்லை. இறங்கிய இடத்தில் செங்குத்தான மண்சுவர் ஒன்று வெளிப்பட்டது. முட்டுக்கொடுக்க முன்னால் எதுவும் இல்லாததால் அந்தச் சுவரும் விழுந்தது. விழுந்த களிமண் குவியாமல் குழம்பாகி ஏரிக்குள் ஓடிவிட, பின்னால் அடுத்த சுவர் தெரிந்தது. ஏறத்தாழ 40 நிமிடம் இப்படியே நிலம் உள்நோக்கி அரிபட்டு, 450 மீட்டர் நீளமுள்ள குறுகலான பள்ளம் உண்டானது. சரிந்த மொத்தப் பரப்பில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிறகுதான் பெரிய சரிவு. கண்ணுக்குச் சரிவென்றே தெரியாத வயல்வெளி பாளம் பாளமாகப் பெயர்ந்து ஏரியை நோக்கி நகர்ந்தது. மேலே காய்ந்து இறுகிய மண் அடுக்கு, அடியில் ஓடும் குழம்பின்மீது மிதந்து போனது. அதன்மேல் வீடுகளும் போயின. ஊர்க்காரர்கள் எடுத்த படச்சுருள்களில் இந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. மொத்தம் 33 ஹெக்டேர் நிலம், 50 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மண். எழும்பிய அலை ஏரியின் எதிர்க்கரையில் இருந்த லைரா கிராமத்தைத் தாக்கியது. சரிவில் சிக்கிய சுமார் 40 பேரில் ஒருவர் இறந்தார். நடந்ததன் அளவைப் பார்த்தால், மற்றவர்கள் பிழைத்ததே பெரிய விஷயம்.

கொட்டியது 700 கன மீட்டர், போனது அதைப்போல ஏழாயிரம் மடங்கு. இந்தக் கணக்கு புரிய, அந்த மண்ணின் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

பனியுகம் முடிந்தபோது, உருகிய பனிப்பாறைகள் மாவாக அரைத்த பாறைத்துகள்களைக் கடலுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. தகடு போன்ற நுண்துகள்கள் அவை. உப்புநீரில் ஒன்றையொன்று விலக்கித் தள்ளாமல், ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டியபடி, இடையில் நிறைய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படிந்தன. பனியின் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மெல்ல உயர, கடலடி தரையானது. அதன்பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நன்னீர் அந்தக் களிமண்ணின் ஊடே கசிந்து உப்பைக் கழுவிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இப்படிக் கழுவப்பட்ட களிமண்ணின் நீரில் பெரும்பாலும் 2 கிராமுக்கும் குறைவுதான்.

உப்பு போனாலும் அமைப்பு அப்படியே நிற்கிறது. தொடாதவரை அந்த மண் வீட்டையும் சாலையையும் தாங்கும். ஒருமுறை கலைந்துவிட்டால் துகள்களை மறுபடி ஒட்டவைக்க உப்பு இல்லை. உள்ளே பிடித்துவைத்த தண்ணீரும் விடுபடுகிறது. ஆய்வகத்தில் உருளையாக வெட்டிய ஒரு துண்டு எடை ஏற்றினாலும் அசையாமல் நிற்கும். அதையே கிண்ணத்தில் போட்டுக் கிளறினால் கூழ்போல ஊற்றலாம், தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்க வேண்டியதில்லை. அந்தக் கூழில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினால் திரும்பவும் கெட்டிப்படும். இதைத்தான் ‘குயிக் களிமண்’ என்கிறார்கள்.

மேலே நின்று பார்த்தால் இது எதுவும் தெரியாது. இறுகிய மேலடுக்கில் பயிர் விளையும். அதனால் இரும்புக் கம்பியைச் சுழற்றி உள்ளே அழுத்திப் பார்க்கிறார்கள். சாதாரண மண்ணில் ஆழம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். குயிக் களிமண்ணில் அது கூடாது, சில நேரம் குறையவும் செய்யும். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து, குலைத்தபின் எவ்வளவு வலு மிஞ்சுகிறது என்று சோதிக்கிறார்கள்.

கண்டுபிடித்தபின் செய்வது பெரும்பாலும் எளிய வேலைதான்: சரிவின் அடிவாரத்தில் மண் கொட்டி முட்டுக்கொடுப்பது, உச்சியில் பாரத்தைக் குறைப்பது, ஓடைக்கரையைக் கல் போட்டுக் காப்பது. கட்டடம் கட்டியே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து மண்ணைத் தூண்தூணாகக் கெட்டிப்படுத்துகிறார்கள். ரிஸ்ஸாவில் மண் கொட்டியது ஏரியின் விளிம்பில், ஏற்கெனவே தாங்கமாட்டாமல் இருந்த இடத்தின் தலையில்.

மனிதக் கை படாமலும் இது நடக்கும். 2020 டிசம்பர் 30 அதிகாலை, ஆஸ்லோவுக்கு வடகிழக்கே யெர்ட்ரும் பகுதியில் உள்ள ஆஸ்க் ஊரில் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 10 பேர் இறந்தார்கள். பக்கத்தில் ஓடிய சிற்றோடை பல ஆண்டுகளாகக் கரையின் அடியை அரித்ததும், அந்த ஆண்டின் ஈரமான இலையுதிர்காலமும் சேர்ந்தே காரணம் என்று அரசு அமைத்த நிபுணர் குழு தெரிவித்தது.