செயலியில் ஊரைத் தாண்டிவிட்ட ரயில்

2025 ஜனவரி 1 முதல் ரயில்வேயின் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. பூஜ்ஜியத்தில் தொடங்கிய பாசஞ்சர் ரயில்களின் எண்களும் அன்றே மாறின. அதுபற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் வேறொரு புகாரும் திரும்பத் திரும்ப வருகிறது: “செயலியில் ரயில் எங்கள் ஊரைத் தாண்டிவிட்டது, நாங்கள் இன்னும் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறோம்.”

‘நேரலை’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புவதுதான் சிக்கல். ரயிலுக்குள் இருப்பவருக்கு ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி செல்போன் கோபுரத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடும், இணையம்கூட வேண்டாம். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. கடைசியாக எந்த நிலையத்தை எத்தனை மணிக்கு ரயில் கடந்தது என்ற பதிவிலிருந்து, அட்டவணை வேகத்தில் நகர்த்திக் காட்டும் கணக்குதான் பெரும்பாலும் அவர் பார்க்கும் புள்ளி. சிக்னலோ நிலைய அதிகாரியோ இல்லாத ஹால்ட்களில் புதிய பதிவு எதுவும் சேராது.

திருநெல்வேலி–தென்காசி ஒற்றைப் பாதையில், சேரன்மகாதேவிக்கு அடுத்த காருகுறிச்சியில் தென்காசி வண்டிக்காக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 7.30-க்குச் சேரன்மகாதேவி வந்ததாகப் பதிவு. இரண்டு நிமிடத்தில் கிளம்பி, ஏழெட்டு நிமிடத்தில் உங்களிடம் வந்துவிடும் என்று செயலி கணக்குப் போடுகிறது. ஆனால் எதிரே ஒரு ரயில் வருகிறது. கிராசிங்குக்காக உங்கள் வண்டியைச் சேரன்மகாதேவியிலேயே நிறுத்திவைக்கும் முடிவு கட்டுப்பாட்டு அறையில் எடுக்கப்படுகிறது. செயலிக்கு அது தெரியாது. புள்ளி மட்டும் உங்கள் ஊரைத் தாண்டிப் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. புள்ளியை விட்டுவிட்டு, கடைசிப் பதிவு எந்த நிலையம், எத்தனை நிமிடம் பழையது என்று பாருங்கள். பிறகு எதிர்த்திசை ரயிலைத் தேடுங்கள். கிராசிங் சேரன்மகாதேவியில் என்றால், அந்த ரயில் உங்கள் கண்ணெதிரே காருகுறிச்சியைக் கடந்து போனபின்தான் உங்கள் வண்டி சேரன்மகாதேவியிலிருந்து கிளம்பவே முடியும். அதுவரை டீ குடிக்கலாம்.

இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய கருவி 30 நொடிக்கு ஒருமுறை ரயிலின் இடத்தைச் சொல்லும் என்கிறது ரயில்வே. நல்ல கருவிதான். ஆனால் அறிவிப்பில் அது பொருத்தப்படுவதாகச் சொல்லியிருப்பது லோகோக்களில். தனி இன்ஜின் இல்லாத மெமுவில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதனால் என்ன பயன் என்பதை ரயில்வேதான் விளக்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

பழைய எண்ணைப் போட்டால் ரயில் வரவில்லையே? எண்ணை விடுங்கள், புறப்படும் ஊர், சேரும் ஊர் போட்டுத் தேடுங்கள்.

புதிய நேரம் செயலியில் ஏறிவிட்டதா? செயலியைப் புதுப்பித்துவிட்டு, ரயில்வேயின் NTES தளத்தில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

‘சென்னை பஸ்’ செயலியில் எங்கள் ஊர் பேருந்து தெரியுமா? தெரியாது, அது சென்னை மாநகரப் பேருந்துகளுக்கானது.

அப்படியானால் டவுன் பஸ் நேரம்? பேருந்து நிலைய நேரக் காப்பாளர் அறையில் கேளுங்கள். கடைசி வண்டி எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.