எண்களின் சாட்சி – 9: நெறியாளர் கேட்ட முடிவு

புள்ளியியல் சோதனையில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் ‘முடிவு தேறியது’ என்று கொள்வது பல துறைகளில் வழக்கம். உண்மையில் எந்த விளைவும் இல்லாவிட்டாலும், 20 சோதனைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தற்செயலாகவே இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஒரே தரவைப் பல விதமாகச் சோதித்து, தேறியதை மட்டும் எழுதி, தேறாததை மறைப்பதே பி-ஹேக்கிங்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் உணவு ஆய்வகத்தில் இப்படித்தான் நடந்தது. ஓர் இத்தாலிய பஃபே உணவகத்தில் சிலரிடம் முழு விலையும் சிலரிடம் பாதி விலையும் வாங்கி நடத்திய ஆய்வில், எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை. துருக்கியிலிருந்து வந்திருந்த முனைவர் பட்ட மாணவியிடம் அந்தத் தரவு தரப்பட்டது. நிறையச் செலவழித்துச் சேர்த்தது, ஏதாவது தேறியாக வேண்டும் என்பது நெறியாளரான வான்சிங்கின் நிலை. ஆண்கள், பெண்கள், மதியம் வந்தவர்கள், இரவு வந்தவர்கள், தனியாக உட்கார்ந்தவர்கள், இருவராக வந்தவர்கள், கூட்டமாக வந்தவர்கள், மது வாங்கியவர்கள், குளிர்பானம் வாங்கியவர்கள், பஃபேக்கு அருகில் இருந்தவர்கள், தள்ளி இருந்தவர்கள் எனத் தரவைப் பிரித்துப் பார்க்கும்படி மின்னஞ்சலில் யோசனையும் சொன்னார்.

மொத்தம் 11 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் சாப்பிட்ட அளவு, ருசி, குற்ற உணர்வு என மூன்றை மட்டும் சோதித்தாலே 33 சோதனைகள் ஆகின்றன. விலைக்கு எந்தப் பாதிப்பும் இல்லாவிட்டாலும் அவற்றில் ஒன்றிரண்டு தேறிவிடும். பிறகு அந்தப் பிரிவுக்கு ஏற்றபடி ஒரு கருதுகோளை எழுதிச் சேர்த்தால், முதலிலிருந்தே அதைத்தான் தேடியதுபோல் கட்டுரை அமைந்துவிடும். படிப்பவருக்கு மற்ற சோதனைகள் நடந்ததே தெரியாது.

அந்தத் தரவிலிருந்து நான்கு கட்டுரைகள் வெளிவந்தன. மறுக்காமல் உழைத்த மாணவி என்று 2016 நவம்பரில் வான்சிங்க் அவரைப் பாராட்டி எழுதியதே விவகாரத்தைக் கிளப்பியது. மூன்று ஆய்வாளர்கள் சரிபார்த்ததில், நான்கிலுமாகச் சுமார் 150 முரண்பாடுகள் இருந்தன. சராசரிகளை வைத்தே இத்தகைய பிழைகளில் சிலவற்றைப் பிடிக்கலாம்: 20 பேர் முழு எண்ணில் பதில் தந்தால், சராசரி 0.05-ன் மடங்காகத்தான் வரும், 3.47 வரவே வராது. ஆனால், கணக்கு சரியாக இருந்து சோதனைகள் மட்டும் மறைக்கப்பட்டிருந்தால் இந்த வழி உதவாது. 2018-ல் கார்னெல் விசாரணை வான்சிங்க் முறைகேடு செய்ததாக முடிவுசெய்தது. அவர் பதவி விலகினார்.

மறைக்கப்பட்ட சோதனைகளைத் தடுக்க, கருதுகோளையும் சோதனைகளையும் தரவு வருவதற்கு முன்பே எழுதித் தேதியிட்டுப் பதிவு செய்வது நல்ல வழி. நெறியாளர் பின்னால் கேட்கும் பிரிவுகளை ஆய்வேட்டில் ‘தேடலாகச் செய்தவை’ என்று தனியே குறித்து, தேறாதவை உட்பட எல்லாவற்றையும் அட்டவணையில் தரலாம். 33 சோதனைகள் என்றால் எல்லையை 0.05/33, அதாவது சுமார் 0.0015 ஆக இறுக்குவது முறை. அப்படியும் தேறும் முடிவைப் புதிய தரவில் மறுபடி சோதித்த பிறகே உறுதியானதாக எழுதலாம்.