மரக்கறி உணவும் வைட்டமின் பி-12-உம்

புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் நடுவயது ஆடவர் 441 பேரின் ரத்தத்தைச் சோதித்து, அதன் முடிவுகளை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூவரில் இருவருக்கு வைட்டமின் பி-12 குறைவாக இருந்தது. கிராமத்தாரும், சேரிவாசிகளும், நகரத்து மத்தியதர வகுப்பினரும் அந்த 441 பேரில் அடங்குவர். ஆச்சரியம் என்னவெனில், குறை மிகுதியாகக் காணப்பட்டது வசதி படைத்த மத்தியதர வகுப்பினரிடமே. அவர்களில் ஐவரில் நால்வருக்கு அக்குறை இருந்தது. புலால் உண்போரைவிட மரக்கறி உண்போருக்கு அபாயம் நான்கு மடங்குக்கு மேல் என்றும் தெரிய வந்தது. வயிறார உண்பவருக்கு இக்குறை ஏன் வருகிறது?

இந்தச் சத்தைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை; விலங்குகளும் தாமே உண்டாக்குவதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே அதனை உண்டாக்க வல்லவை. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் சத்து, பாலிலும் இறைச்சியிலும் சேர்கிறது. ஆகவே அரிசி, பருப்பு, காய், கனி, கீரை இவற்றை எவ்வளவு உண்டாலும் பி-12 கிடைப்பதில்லை. இட்லி மாவு புளிப்பதாலும் நம்பத்தக்க அளவில் அது உண்டாவதில்லை.

நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் வரைதான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் கிடைக்காமற் போவது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் காலையும் மாலையும் தேநீர் அருந்துகிறார். இரண்டு கோப்பைகளிலும் சேர்ந்து நூறு மில்லிலிட்டர் பால் இருக்கலாம். அதில் சுமார் 0.4 மைக்ரோகிராம். மதியம் நீர் மோர் ஒரு தம்ளர். அதிலுள்ள தயிரால் சுமார் 0.2. மொத்தம் 0.6. தேவையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு! 'பாலும் மோரும் சேர்த்துக்கொள்கிறோமே' என்று அவர் எண்ணுவதில் பிழையில்லை, அளவுதான் போதவில்லை.

இதே மனிதர் நாள்தோறும் இருமுறை 200 மில்லிலிட்டர் பால் பருகினால், மேலும் 1.6 மைக்ரோகிராம் கிடைத்து, தேவை ஏறக்குறைய நிறைவேறும். பால் நன்றாகவே ஜீரணமாகிச் சேர்கிறது. புனேயில் மரக்கறி உண்ணும் இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வும், இரண்டு வாரங்கள் இவ்வாறு பால் பருகியதும் ரத்தத்தில் இச்சத்து உயர்ந்ததைக் காட்டிற்று. குடல் ஒரு வேளைக்குச் சிறிதளவே ஏற்கும். எனவே பிரித்துப் பருகுவது நலம். பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் சத்தில் ஒரு பகுதி அழியும்.

முட்டை உண்போர் அறிய வேண்டியது: ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவே உண்டு, அதுவும் பெரும்பாலும் மஞ்சள் கருவில். அதில் சிறு பகுதிதான் உடலில் சேர்கிறது. ஆட்டிறைச்சி நூறு கிராம், ஒரு நாள் தேவையைத் தரும். கோழியிறைச்சியில் குறைவு; மத்தி மீனில் மிகுதி; ஈரலில் எல்லாவற்றினும் மிகுதி.

குறை உடனே வெளிப்படாது. ஈரலில் சேமித்த சத்து சில ஆண்டுகள் தாங்கும். பின்னர் சோர்வு, நாக்கு எரிச்சல், பாதங்களில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை தோன்றலாம். இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. கீரையிலும் மாத்திரைகளிலும் உள்ள ஃபோலிக் சத்து, ரத்த சோகையைச் சரிசெய்துவிடலாம். நரம்புச் சேதமோ மறைவில் தொடரும். நீடித்தால் அது முற்றும் குணமாகாமலும் போகலாம். ஆகவே ரத்த சோகை இல்லை என்பதை மட்டும் கொண்டு, குறையில்லை என்று தீர்மானிக்கக் கூடாது. பி-12 அளவையே சோதிக்க வேண்டும்.

முதியோருக்கும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கும், உண்ட சத்து சரிவரச் சேராது. பாலையே தவிர்ப்போருக்கு உணவில் வழியில்லை. இவ்விரு சாராருக்கும், ஏற்கெனவே குறை முற்றியவர்களுக்கும், வைத்தியர் ஆலோசனைப்படி மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். மருந்திலுள்ள பி-12-உம் நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கப்படுவது, புலாலிலிருந்து எடுக்கப்படுவதன்று. எனவே மருந்து என்ற பெயரால் புலால் உண்ண நேருமோ என்று மரக்கறி உண்போர் தயங்க வேண்டியதில்லை. மாத்திரையின் மேலுறை எதனால் ஆனது என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும்.